போட்டோல வந்த கூட்டு வட்டி கணக்கு: எந்த ஆப்ஷன் ஏன் நிக்காது

குரூப் 4-க்குப் படிக்கிற தங்கச்சி ஒருத்தி, எங்க தெருதான், நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பிச்சா, மாதிரி வினாத்தாள் ஒன்னுல இருந்து எடுத்தது, டியூப்லைட் வெளிச்சம் பேப்பர்ல பட்டு ஒரு ஓரம் வெள்ளையா போயிருச்சு, நடுவுல மடிப்பு வேற. கீழ ஒரே ஒரு லைன், "அக்கா எனக்கு எந்த ஆன்சரும் வரல, ஆப்ஷன் தப்பா போட்டுட்டாங்களா?"ன்னு.

கேள்வி இதுதான், போட்டோல எனக்குத் தெரிஞ்ச மாதிரியே எழுதுறேன்:

ரூ. 16,000-க்கு ஆண்டுக்கு 12% வட்டி வீதத்தில் 3 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் கூட்டு வட்டி
(ஏ) ரூ. 6,000
(பி) ரூ. 7,281.25
(சி) ரூ. 6,781.25
(டி) ரூ. 22,781.25

அவ 1.12-ஐ மூணு தடவ பெருக்கி, 16,000-ஆல பெருக்கி, அசலக் கழிச்சு 6,478.85-ன்னு கொண்டு வந்திருந்தா. அந்த நோட்டுப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிச்சா, பெருக்கல்ல ஒரு இடத்துல கூட தப்பு இல்ல, ஆனா ஆப்ஷன்ல அது இல்ல. இந்த இடத்துல நிறைய பேர் கிட்டத்துல இருக்கிறதுன்னு 6,781.25-ஐப் போட்டுட்டுப் போயிருவாங்க. விடை அதுதான், ஆனா "கிட்டத்துல இருக்கு"ங்கிறது அதுக்குக் காரணம் இல்ல. 300 ரூபா வித்தியாசத்தக் கிட்டன்னு எடுத்துக்கிட்டா, அடுத்த கேள்வில அதே பழக்கம் காலை வாரி விடும்.

முதல்ல அந்த "12". மடிப்பு சரியா 12-க்கும் % குறிக்கும் நடுவுல விழுந்திருந்துச்சு, ரெண்டுக்கும் இடையில கொஞ்சம் அதிகமாவே இடம் விட்டு. அங்க ஒரு ½ உக்காந்திருக்கலாம்னு தோணுச்சு, ஆனா தோணுனா மட்டும் பத்தாதே. போட்டோவ எவ்ளோ பெருசாக்கினாலும் அந்த இடம் சாம்பல் கலர் கோடுதான். அதனால கேள்விய விட்டுட்டு ஆப்ஷனப் படிச்சேன்.

வட்டிக் கணக்குல நாலு ஆப்ஷன் வைக்கிறவங்க சும்மா நம்பரக் கொட்டறதில்ல. மாணவர் எங்க வழுக்குவாருன்னு யோசிச்சு, வழுக்குனா என்ன விடை வருமோ அதையே ஒரு ஆப்ஷனா வைப்பாங்க. கூட்டு வட்டின்னா மொத வழுக்கல் தனி வட்டி கண்டுபிடிச்சுட்டு வந்துர்றது. இங்க ஏ ஆப்ஷன் 6,000, முழு நம்பர், பைசா இல்ல. அதத் தனி வட்டின்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 2,000 வட்டி. 16,000-க்கு 2,000-ன்னா எட்டுல ஒரு பங்கு. எட்டுல ஒரு பங்குன்னா 12½%. மடிப்புல போனது அந்த அரைதான்! 12% ஆ இருந்தா தனி வட்டி 5,760 வந்திருக்கணும், அது எங்கயும் இல்ல.

அப்புறம் டி-ல இருந்து சி-யக் கழிச்சுப் பாருங்க, 22,781.25-ல 6,781.25 போனா கரெக்டா 16,000. அதாவது டி-ங்கிறது மூணு வருஷம் கழிச்சு கைக்கு வர்ற மொத்தத் தொகை, சி-ங்கிறது அதுல வட்டி மட்டும். "கூட்டு வட்டி என்ன"ன்னு கேட்டத "தொகை என்ன"ன்னு படிச்சவங்களுக்கு வச்ச வலை டி. இப்படி ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல அசல் அளவுக்கு வித்தியாசம் இருந்தா சின்னதுதான் பெரும்பாலும் விடை. ஆனா இத மட்டும் நம்பி கருப்படிச்சுட்டு வரக்கூடாது, சில பேப்பர்ல தப்பான வட்டிக்கும் சேர்த்து ஒரு தப்பான தொகைய வச்சிருப்பாங்க, அப்ப ரெண்டு ஜோடி வந்துரும், இந்த வழி அங்கயே நின்னுரும்.

அதனால தோராயம்தான் போடணும். தோராயம்னா கண்ண மூடிக்கிட்டு குத்துமதிப்பா ஒன்ன சொல்றதுன்னு நம்ம பசங்க நெனச்சுக்கிறாங்க, எனக்கு அதுல ரொம்ப ஆதங்கம். நாம போட்ட தோராயத்துக்கு உண்மையான விடை மேல இருக்கா கீழ இருக்கா, எவ்ளோ தூரத்துல இருக்கு, இந்த ரெண்டும் தெரிஞ்சாத்தான் அது தோராயம். அது தெரியலன்னா வெறும் ஊகம்தான்.

இந்தக் கணக்குலயே பாருங்க. முதல் வருஷ வட்டி 2,000. மூணு வருஷத்துக்கும் அதே 2,000-ன்னா 6,000, இது தனி வட்டி. கூட்டு வட்டி இதுக்கு மேலதான் இருக்கணும், ஒரு வருஷத்துக்கு மேல போனாலே கண்டிப்பா மேலதான். அதனால ஏ போச்சு. டி அசலையே தாண்டுது, 12½% வட்டில மூணு வருஷத்துல வட்டி மட்டும் அசல விட அதிகமா வர வாய்ப்பே இல்ல, டி-யும் போச்சு. இதுக்கு பேனாவே தேவையில்ல. மிச்சம் பி, சி ரெண்டும்.

இப்ப கேட்க வேண்டியது ஒன்னுதான், 6,000-க்கு மேல எவ்ளோ? மேல வர்றது எல்லாமே வட்டிக்கு வட்டி. முதல் வருஷம் வந்த 2,000, ரெண்டாவது வருஷம் தன் பங்குக்கு எட்டுல ஒன்னு, அதாவது 250 சம்பாதிக்கும், மூணாவது வருஷம் இன்னொரு 250. ரெண்டாவது வருஷத்து 2,000 மூணாவது வருஷத்துல ஒரு 250. ஆக மூணு 250, மொத்தம் 750. இதுக்கப்புறம் மிச்சம் இருக்கிறது ரெண்டாவது வருஷம் வந்த அந்த 250-க்கு மூணாவது வருஷம் வர்ற வட்டி மட்டும், அது 250-ல எட்டுல ஒன்னு, முப்பது ரூபா சொச்சம். அப்ப விடை 6,750-க்கு மேல, ஆனா 6,800-ஐத் தொடாது. பி-ல சொல்ற 7,281.25 வரணும்னா வட்டிக்கு வட்டி மட்டும் 1,281 ரூபா வரணும், அதுக்கு இங்க வழியே இல்ல. சி மட்டும்தான் நிக்குது. அந்த முப்பது சொச்சத்த சரியா போட்டா 31.25, கூட்டுனா 6,781.25, பைசா வரைக்கும் ஒத்துப் போயிருது.

அவகிட்ட இத வாய்ஸ் நோட்ல சொன்னதும் உடனே அவ கேட்டா, "அக்கா அப்ப அந்த ஃபார்முலா படிச்சது வேஸ்ட்டா?" வேஸ்ட் இல்ல. மூணு வருஷக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம்னு கோச்சிங்ல எல்லாரும் மனப்பாடம் பண்ற ஃபார்முலா இருக்குல்ல, அசல வீதத்தோட வர்க்கத்தால பெருக்கி அத மூணு கூட்டல் வீதத்தால பெருக்கறது,

```
P × (r/100)² × (3 + r/100)
```

அதுல இருக்கிற 3 எங்க இருந்து வந்துச்சுன்னு பாருங்க, மேல நாம எண்ணின அந்த மூணு 250-தான். P × (r/100)²-ங்கிறது ஒரு 250. கடைசில ஒட்டிக்கிட்டு நிக்கிற r/100, அந்த முப்பத்தொன்னே கால். ஃபார்முலா ஹால்ல மறந்து போனாலும் இந்த எண்ணிக்கை மறக்காது, ஏன்னா இத நாம மனப்பாடம் பண்ணல, வட்டி எப்படி வளருதுன்னு பாத்து வச்சிருக்கோம்.

போட்டோவா வர்ற கேள்வில இன்னொரு ஆபத்து இருக்கு, அதையும் இதே வழில பாத்துக்கலாம். "வட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது"ங்கிற வரி பெரும்பாலும் கேள்வியோட வாலுல இருக்கும், போட்டோ எடுக்கிறவங்க அவசரத்துல அத வெட்டிருவாங்க. இந்தக் கேள்விக்கும் அப்படி ஒரு வால் இருந்து போயிருந்தா? ஆறு மாசத்துக்கு வட்டி 6¼%, பதினாறுல ஒரு பங்கு, அதாவது 1,000. ஆறு அரையாண்டு, 6,000. முதல் ஆயிரம் அடுத்த அஞ்சு அரையாண்டுலயும் வட்டி சம்பாதிக்கும், ரெண்டாவது நாலுல, இப்படி 5, 4, 3, 2, 1 கூட்டுனா 15 தடவ, ஒவ்வொன்னும் 62 ரூபா 50 பைசா, மொத்தம் 937.50. அதுக்கு மேல கொஞ்சம் சில்லறை. ஆக 7,000-க்குக் கொஞ்சம் மேல வந்திருக்கணும் (சரியா போட்டா சுமார் 7,019). 6,781-ம் இல்ல, 7,281-ம் இல்ல. அப்படி ஒரு வரி வெட்டுப்படலன்னு இதுலயே உறுதியாச்சு. அதுக்கப்புறம்தான் அவகிட்ட பேப்பர நேரா வச்சு இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னேன், இங்கிலீஷ் வரியும் சேர்த்து. கீழ இருந்த இங்கிலீஷ் வரில 12½ நல்லா தெளிவா இருந்துச்சு. கணக்குக் கேள்விய போட்டோ எடுக்கிறவங்க தயவுசெஞ்சு தமிழ், இங்கிலீஷ் ரெண்டு வரியும், நாலு ஆப்ஷனும் முழுசா வர்ற மாதிரி எடுங்க, ஒன்னுல அழிஞ்சது இன்னொன்னுல இருக்கும்.

இதெல்லாம் எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்னு கேட்டா, நேரம். குரூப் 4-ல 200 கேள்வி, 3 மணி நேரம், ஒரு கேள்விக்கு 54 செகண்ட், அதுலயே ஓஎம்ஆர்ல வட்டம் கருப்படிக்கிறதும் அடக்கம். 25 கேள்வி கணக்கு, ஒன்னுக்கு ஒன்றரை மார்க். 1.12-ஐ மூணு தடவ கையால பெருக்குறதுக்கே அந்த 54 செகண்ட் பத்தாது. மூணு 250-ன்னு எண்ணுறதுக்குப் பத்து செகண்ட் போதும், அது பழகுனவங்களுக்கு. தப்புக்கு மார்க் கழிக்கிறதில்லங்கிறதால ரெண்டு ஆப்ஷன் தூக்குன கேள்வில "விடை தெரியவில்லை"ங்கிற இ வட்டத்த யாரும் கருப்படிக்காதீங்க, அதுக்கு மார்க் எதுவும் கிடையாது, மிச்சம் இருக்கிற ரெண்டுல ஒன்னுக்கு பாதி வாய்ப்பு இருக்கு.

பேங்க் எக்ஸாம் எழுதுறவங்களுக்கு நிலைமை வேற. அங்க அஞ்சு ஆப்ஷன், தப்புக்குக் கால் மார்க் போகும். எதையுமே தூக்காம சும்மா ஒன்னப் போட்டா அஞ்சுல ஒரு தடவ 1 வரும், நாலு தடவ கால் கால் போகும், கூட்டிக் கழிச்சா பூஜ்யம். ரெண்ட நிச்சயமா தூக்கிட்டு மூணுல ஒன்னப் போட்டா, மூணு தடவைக்கு ஒரு 1 வந்து ரெண்டு கால் போய் அரை மார்க் மிச்சம். அந்த "நிச்சயமா"ங்கிற வார்த்தைலதான் எல்லாம் இருக்கு, சரியான விடையவே தோராயத்துல தூக்கிட்டா மிச்சம் எத்தன ஆப்ஷன் இருந்து என்ன பிரயோஜனம்.

அப்படித் தூக்கிற இடம் எங்க வரும்னு ஒரு கணக்குல காட்டுறேன். இது நான் அந்தத் தங்கச்சிக்குப் போட்டுக் கொடுத்தது. ஆரம் 1.4 மீட்டர், உயரம் 3 மீட்டர் உள்ள உருளை வடிவத் தொட்டி, எத்தனை லிட்டர் தண்ணி பிடிக்கும்? ஆப்ஷன் 1,848, 17,640, 18,480, 73,920.

1.4-ஓட வர்க்கம் 1.96, அத 2-ன்னு வச்சுக்கலாம். பையை 3-ன்னு வச்சுக்கலாம். 2, 3, 3 பெருக்குனா 18. ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர், அதனால 18,000 லிட்டர் பக்கம். 1,848 பத்துல ஒரு பங்கு, யூனிட் மாத்துறதுல ஒரு பூஜ்யத்த விட்டவங்களுக்கு. 73,920 சரியா நாலு மடங்கு, ஆரத்துக்குப் பதில் விட்டத்தப் போட்டவங்களுக்கு, விட்டம் ரெண்டு மடங்குன்னா வர்க்கம் நாலு மடங்கு ஆயிரும்ல. ரெண்டும் போச்சு. ஆனா 17,640-ம் 18,480-ம் நம்ம 18,000-க்கு ரெண்டு பக்கமும் நிக்குது, ஒன்னு 360 கீழ, ஒன்னு 480 மேல. "கிட்டத்துல இருக்கிறது" ஆளுங்க இங்க 17,640-ஐப் போட்டுருவாங்க, அது தப்பு.

நாம என்ன பண்ணினோம்னு திரும்பிப் பாக்கணும். 1.96-ஐ 2 ஆக்குனோம், அது நூத்துக்கு 2 அளவுக்குக் கூட்டினது. பையை 3 ஆக்குனோம், 22/7-ங்கிறது மூணே ஏழுல ஒன்னு, அதாவது 3-ஐ விட நூத்துக்கு அஞ்சு பக்கம் அதிகம், அத விட்டுட்டோம். கூட்டினது 2, விட்டது கிட்டத்தட்ட 5. அப்ப உண்மையான விடை நம்ம 18,000-க்கு மேல, நூத்துக்கு மூணுக்குள்ள. 18,000-ல நூத்துக்கு மூணு 540. அதனால 18,000-க்கும் 18,540-க்கும் நடுவுல, 18,480 மட்டும்தான் அங்க இருக்கு. 17,640 எங்க இருந்து வந்துச்சுன்னா 1.96-ஐ அப்படியே வச்சு பையை மட்டும் 3-ன்னு போட்டா அதுதான் வரும். அதாவது அரைகுறையா தோராயம் போடுறவங்களுக்குன்னே வைக்கக்கூடிய ஆப்ஷன் அது!

இதே கேள்வி போட்டோவா வந்திருந்தா அந்த 1.4-ல புள்ளி காணாமப் போறது ரொம்ப சாதாரணம், பிரிண்ட் மங்கலா இருந்தா 14 மாதிரிதான் தெரியும். ஆரம் பத்து மடங்குன்னா கொள்ளளவு நூறு மடங்கு, 18,00,000 லிட்டர் பக்கம் வரும், எந்த ஆப்ஷனும் அதுக்குப் பக்கத்துல கூட இல்ல. தோராயத்துல பத்து மடங்கு, நூறு மடங்குன்னு விலகிப் போனா கேள்விய நாம தப்பாப் படிச்சிருக்கோம்னு அர்த்தம், புள்ளியத் தேடுங்க. வட்டிக் கணக்குல வந்த மாதிரி நூத்துக்கு நாலு அஞ்சு விலகுனா வீதத்துல ஒரு பின்னம் போயிருக்கும், ½, ¼, ⅓ எதுவோ. 12½ எட்டுல ஒன்னு, 16⅔ ஆறுல ஒன்னு, 8⅓ பன்னிரண்டுல ஒன்னு, 6¼ பதினாறுல ஒன்னு, இந்த நாலு வீதமும் கைவசம் இருந்தாலே பாதி வட்டிக் கணக்கு வாய்க்கணக்காயிரும், அசலும் பெரும்பாலும் அதுக்கு ஏத்த மாதிரி 16,000, 7,200-ன்னு வகுபடுற நம்பராத்தான் கொடுப்பாங்க.

இந்த வழி எடுபடாத கணக்கும் இருக்கு. எல்சிஎம், ஹெச்சிஎஃப், வயசுக் கணக்கு, நம்பர் சீரிஸ், இதுலல்லாம் ஆப்ஷன் 34, 35, 36, 38-ன்னு நெருக்கமா இருக்கும், தோராயம் போட்டா நாலுமே நிக்கும். அங்க ஆப்ஷன எடுத்துக் கேள்விக்குள்ள போட்டுப் பாக்கிறதுதான் வழி. அப்பா வயசு மகன் வயசுல மூணு மடங்குன்னு கேள்வில இருந்தா, மூணால வகுபடாத 34, 35, 38 மூணும் அப்பா வயசா இருக்க முடியாது, ஈக்வேஷனே எழுத வேண்டாம். பெருக்கல் கூட்டல் மட்டும் வர்ற சுருக்குக கேள்வில ஆப்ஷன் எல்லாம் ஆயிரக்கணக்குல இருந்து ஒன்னுக்கொன்னு கொஞ்சம்தான் வித்தியாசம், கடைசி இலக்கமும் வேற வேறன்னா, அந்தக் கடைசி இலக்கத்த மட்டும் பெருக்கிப் பாருங்க, அதுலயே ரெண்டு மூணு போயிரும். அதனால கேள்விய வாசிச்சதும் நான் நேரா ஆப்ஷன்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியத்தான் பாப்பேன். நூத்துக்கு நாலுக்கு மேல இடைவெளி இருந்தா தோராயம், அதுக்கும் கீழன்னா போட்டுப் பாக்கிறதோ கடைசி இலக்கமோ, எதுவுமே ஒத்து வரலன்னா அந்தக் கேள்விக்கு ஒரு சின்னக் கோடு போட்டு வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிர்றது, மத்த 199 கேள்வியும் முடிச்சுட்டு நேரம் இருந்தா வந்து முழுசாப் போட்டுக்கலாம்.

தங்கச்சி இன்னைக்குக் காலைல தொட்டிக் கணக்குக்கு 18,480-ன்னு விடை அனுப்பிச்சிருக்கா, கீழ "மேல, 3%-க்குள்ள"ன்னு எழுதி. அடுத்ததா அடுத்தடுத்த தள்ளுபடி கேட்டிருக்கேன், 20% தள்ளுபடி, அதுக்கு மேல 10%, ஆப்ஷன் 30, 28, 26, 72. விடை சொன்னா மட்டும் போதாது, மத்த மூணும் ஒவ்வொன்னும் எந்தக் காரணத்தால நிக்காதுன்னு எழுதி அனுப்பணும்.